டிஷ் ஆன்டெனாவின் சர்வோவுக்கு டைப்-1 போதுமா, டைப்-2 வேண்டுமா?

பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள் ஒன்று 500 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போகிறது. கீழே 5 மீட்டர் விட்டமுள்ள டிஷ் ஆன்டெனா அதைத் துரத்திக்கொண்டு திரும்ப வேண்டும். அதன் அசிமத் அச்சை, அதாவது திசைக்கோண அச்சை, ஓட்டும் சர்வோ லூப்பில் வெறும் P கன்ட்ரோலர் போதுமா, PI வேண்டுமா, அல்லது P-யோடு வேகத்தை முன்கூட்டியே ஊட்டினால் சரியாகிவிடுமா? பாடப்புத்தகத்தில் "சிஸ்டம் டைப்" என்று ஒரு அட்டவணையாக வரும் விஷயம் இங்கே பணம் போட்டு எடுக்க வேண்டிய முடிவாக நிற்கிறது. அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதற்குக் காரணம், அந்தப் பூஜ்யங்களும் முடிவிலிகளும் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்க்காமல் விட்டதுதான்.

பிழை ஏன் மிஞ்சுகிறது

கணக்குக்குப் போகும் முன் மோட்டாரைப் பார்ப்போம். மோட்டாருக்கு வேகக் கட்டளை கொடுத்தால் அச்சு சுழல்கிறது. எவ்வளவு நேரம் சுழன்றதோ அவ்வளவு கோணம் சேர்கிறது. வேகத்தைக் கோணமாகச் சேர்த்துவைக்கும் இந்த வேலைதான் இன்டக்ரேட்டர். அதை யாரும் தனியாகப் பொருத்த வேண்டியதில்லை, இயந்திரத்திலேயே இருக்கிறது. லூப்பில் எத்தனை இன்டக்ரேட்டர் உள்ளதோ அதுதான் அதன் டைப் எண். ஆகவே கோணத்தைக் கட்டுப்படுத்தும் லூப், P கன்ட்ரோலர் மட்டும் இருந்தாலும், பிறவியிலேயே டைப்-1.

இப்போது டிஷ் 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போய் நிற்க வேண்டும். இது ஸ்டெப் உள்ளீடு. நின்ற பிறகு தேவைப்படும் வேகம் பூஜ்யம். P கன்ட்ரோலர் பிழையை ஒரு எண்ணால் பெருக்கி வேகமாகக் கொடுப்பது, ஆகவே வேகம் பூஜ்யம் என்றால் பிழையும் பூஜ்யம். கோணத்தை மோட்டாரே பிடித்துவைத்திருக்கிறது.

அடுத்து, இலக்கு வினாடிக்கு 5 டிகிரி என்று சீராக ஓடுகிறது. இது ராம்ப். டிஷ்ஷும் அதே வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகம் எங்கிருந்து வரும்? P கன்ட்ரோலரிடம் பிழையைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை. கெயின் 10 என்றால், 5 டிகிரி வேகம் தர அதற்கு 0.5 டிகிரி பிழை தேவை. பிழை குறைந்தால் வேகம் குறையும், இலக்கு முன்னே போய்விடும், பிழை மறுபடி 0.5 டிகிரிக்கு வந்து நிற்கும். டிஷ் இலக்கின் வேகத்தில்தான் ஓடுகிறது, ஆனால் எப்போதும் அரை டிகிரி பின்னால். டியூனிங் சரியில்லாததால் வருவதல்ல இது. அந்தப் பிழைதான் மோட்டாரை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

கன்ட்ரோலரில் இன்னொரு இன்டக்ரேட்டரைச் சேர்த்து PI ஆக்கினால் நிலைமை மாறுகிறது. பழைய பிழையைக் கூட்டிக்கூட்டி அது ஒரு வேகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். பிழை பூஜ்யமான பிறகும் அந்த வேகத்தைத் தொடர்ந்து கொடுக்கும். இது டைப்-2, ராம்ப்பில் பிழை இல்லை. ஆனால் இலக்கின் வேகமே மாறிக்கொண்டிருந்தால், அதாவது பரபோலா உள்ளீடு என்றால், நினைவில் உள்ள வேகத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதை மாற்றப் பிழை வேண்டும். முடுக்கத்துக்கு ஏற்ற ஒரு சிறு பிழை நிலையாக நிற்கும்.

டைப்-0 எப்படி இருக்கும் என்பதற்கு அதே டிஷ்ஷின் உள்ளே இருக்கும் வேக லூப்பைப் பார்க்கலாம். அதில் P மட்டும் போட்டு, லூப்பின் மொத்த கெயின் 9 என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 5 டிகிரி கேட்டால் 4.5 டிகிரிதான் கிடைக்கும். அந்த வேகத்தைத் தாங்கிப்பிடிக்க மோட்டாருக்கு ஓயாமல் மின்னழுத்தம் வேண்டும், மின்னழுத்தத்துக்குப் பிழை வேண்டும். பிழை 1/(1+9), பத்தில் ஒரு பங்கு. நினைவு வைக்க ஒரு இன்டக்ரேட்டரும் இல்லாத லூப், ஸ்டெப்பைக் கூட முழுதாகப் பிடிக்காது.

அதையே கணக்கில்

திறந்த லூப்பை G(s) என்றும், பின்னூட்டம் 1 என்றும் எடுத்தால், நிலைத்த பிழை, ஸ்டெடி ஸ்டேட் எரர் என்று சொல்வது, இப்படி வரும்:

```
e_ss = lim (s→0)  s·R(s) / (1 + G(s))
G(s) = K·(...) / s^N        N = டைப்
R(s) = 1/s , 1/s^2 , 1/s^3   ஸ்டெப், ராம்ப், பரபோலா
```

பரபோலா என்பது இங்கே t²/2, t² அல்ல. t² என்று கொடுத்திருந்தால் விடையை இரண்டால் பெருக்க வேண்டும். தேர்வில் மதிப்பெண் அடிக்கடி பறிபோவது இந்த இடத்தில்.

s பூஜ்யத்தை நெருங்கும்போது உள்ளீட்டின் கீழே உள்ள s-களும் லூப்பின் கீழே உள்ள s-களும் மோதிக்கொள்கின்றன. லூப்பிடம் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் பிழை பூஜ்யம். மிகச் சரியாக ஒன்று குறைவாக இருந்தால் எண் ஒன்று மிஞ்சும். இரண்டோ அதற்கு மேலோ குறைந்தால் பிழை வளர்ந்துகொண்டே போகும்.

| டைப் | ஸ்டெப் | ராம்ப் | பரபோலா |
|---|---|---|---|
| 0 | 1/(1+Kp) | ∞ | ∞ |
| 1 | 0 | 1/Kv | ∞ |
| 2 | 0 | 0 | 1/Ka |

Kp என்பது s பூஜ்யமாகும்போது G(s)-இன் மதிப்பு. Kv என்பது s·G(s)-இன் மதிப்பு, Ka என்பது s²·G(s)-இன் மதிப்பு.

இந்த அட்டவணைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு, மூடிய லூப் நிலையானதாக இருக்க வேண்டும். டைப்-2 வேண்டும் என்று P-யை எடுத்துவிட்டு வெறும் I மட்டும் போட்டுப் பாருங்கள். மோட்டார் டிரைவின் தாமதம் τ, I-இன் கெயின் Ki என்றால், பண்புச் சமன்பாடு τs³ + s² + Ki = 0 ஆகிறது. s உள்ள உறுப்பே இல்லை. Ki எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இது நிலைக்காது. சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் ராம்ப் பிழை பூஜ்யம் என்றுதான் வரும், டிஷ்ஷோ ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருக்கும். ராத்–ஹர்விட்ஸ் சோதனையோ போடே வரைபடமோ முதலில், இறுதி மதிப்புத் தேற்றம் அதன் பிறகு.

செயற்கைக்கோள் என்ன உள்ளீடு தருகிறது

மூன்று உள்ளீடுகளும் கற்பனையானவை அல்ல. புவிநிலை செயற்கைக்கோளை நோக்கி டிஷ்ஷைத் திருப்பி நிறுத்துவது ஸ்டெப். தாழ்வட்டப் பாதைக் கோள் தொலைவில் இருக்கும்போது, சில வினாடிகளுக்கு அது ராம்ப் போலத்தான் தெரியும். தலைக்கு அருகே வரும்போது முடுக்கம் தலைகாட்டுகிறது.

அருகே வரும் அந்தச் சில வினாடிகளுக்குத் தரையைத் தட்டையாக எடுத்துக்கொள்வது போதும். கோளின் வேகம் வினாடிக்கு 7.6 கிலோமீட்டர். கடக்கும்போது உச்ச எலிவேஷன், அதாவது அடிவானத்திலிருந்து மேல்நோக்கிய கோணம், 80 டிகிரி என்றால், அதன் தரைத்தடம் நிலையத்திலிருந்து d = 500/tan 80° = 88 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. அசிமத் கோணம் atan(vt/d). இதை வகையிட்டால், உச்ச வேகம் v/d, வினாடிக்கு 4.94 டிகிரி. உச்ச முடுக்கம் 0.65·(v/d)², அதாவது 0.277 டிகிரி/வினாடி². வேகம் உச்சத்தில் இருப்பது கோள் மிக அருகே வரும் கணத்தில். முடுக்கத்தின் உச்சம் அதற்கு 6.7 வினாடி முன்னும் பின்னும், எதிரெதிர்க் குறியோடு. லூப்பின் நேர மாறிலி அரை வினாடிக்குள் இருக்கும்போது, இந்த மெதுவான மாற்றத்துக்கு நிலைத்த பிழைச் சூத்திரத்தையே கணத்துக்குக் கணம் பயன்படுத்தலாம்.

இங்கே பலரும் வழுக்கும் ஒரு படி இருக்கிறது. அசிமத் அச்சில் உள்ள பிழை அப்படியே வானத்தில் பிழை அல்ல. எலிவேஷன் உயர உயர, அசிமத் சுழற்சி வானத்தில் சிறிய வட்டத்தையே வரைகிறது. வானத்துப் பிழை = அச்சுப் பிழை × cos(எலிவேஷன்). 80 டிகிரியில் இது 0.174. இதை மறந்தால் டைப்-1-ஐத் தேவையில்லாமல் குற்றவாளியாக்கிவிடுவோம்.

P கன்ட்ரோலர், டைப்-1

கெயின் K = 10 என்று வைக்கிறோம். இதை 50, 100 என்று ஏற்றினால் பிழை தானே குறையும் என்று தோன்றும். ஆனால் டிஷ்ஷும் பல்சக்கரப் பெட்டியும் தாங்கும் கோபுரமும் சில ஹெர்ட்ஸில் அதிரும் அமைப்பு. அந்த அதிர்வெண்ணுக்குக் கணிசமாகக் கீழே லூப்பை வைக்க வேண்டும். K = 10 என்றால் கிராஸ்ஓவர் ஏறத்தாழ 1.5 ஹெர்ட்ஸ், இந்த அளவு டிஷ்ஷுக்கு நியாயமான இடம். வேக லூப்பின் தாமதம் 0.03 வினாடி என்று எடுத்தால் ஃபேஸ் மார்ஜின் 74 டிகிரி, மிக வசதியான நிலை.

Kv = 10. உச்ச வேகத்தில் அச்சுப் பிழை 4.94/10 = 0.494 டிகிரி. வானத்தில் 0.086 டிகிரி. இது பெரிதா சிறிதா என்பதை அலைவரிசைதான் சொல்லும்.

5 மீட்டர் டிஷ்ஷின் கதிர் அகலம், 70λ/D என்ற வழக்கமான கணிப்பின்படி, எக்ஸ் பேண்டில் 8.2 கிகாஹெர்ட்ஸில் 0.51 டிகிரி. குறி தவறுவதால் வரும் இழப்பு ஏறத்தாழ 12·(பிழை/அகலம்)² டெசிபல். இங்கே அது 0.34 டெசிபல். லிங்க் பட்ஜெட்டில் அரை டெசிபல் ஒதுக்கியிருந்தால் டைப்-1 தேறிவிடும். அதே டிஷ்ஷில் கேஏ பேண்ட், 26 கிகாஹெர்ட்ஸ் என்றால் அகலம் 0.16 டிகிரி. இப்போது 0.086 டிகிரி என்பது பாதிக் கதிருக்கும் வெளியே, இழப்பு 3 டெசிபலுக்கு மேல். பாதிக்கும் மேற்பட்ட சக்தி போய்விடுகிறது, அதுவும் கோள் மிக அருகே இருந்து தரவு மிக வேகமாக இறங்க வேண்டிய நேரத்தில்.

சர்வோவில் எதுவும் மாறவில்லை, ஆனால் அலைவரிசை மாறியதும் முடிவு தலைகீழாகிவிட்டது. நிலைத்த பிழை பூஜ்யமாக வேண்டுமா என்ற கேள்விக்குப் பதிலாக, எவ்வளவு வரை பொறுக்கலாம் என்று கேட்பதே சரி. கதிர் அகலத்தில் பத்தில் ஒன்று என்பது நல்ல தொடக்கக் கணக்கு. கேஏ பேண்டில் அது 0.016 டிகிரி.

PI கன்ட்ரோலர், டைப்-2

K = 10-ஐ அப்படியே வைத்து, Ki = 20 சேர்க்கிறோம், அதாவது Ti = 0.5 வினாடி. Ka = 20. உச்ச முடுக்கத்தில் அச்சுப் பிழை 0.277/20 = 0.014 டிகிரி. அந்தக் கணத்தில் எலிவேஷன் 78 டிகிரி சொச்சம், ஆகவே வானத்தில் 0.003 டிகிரிதான். கேஏ பேண்டின் வரம்பில் ஐந்தில் ஒன்று கூட இல்லை. ஃபேஸ் மார்ஜின் 74-லிருந்து 62 டிகிரிக்கு இறங்குகிறது, தாராளமாகக் கொடுக்கக்கூடிய விலை.

இந்த எண்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கச் சில வரிகள் போதும்:

```python
import math
v, h, el = 7.6, 500.0, 80.0
d = h / math.tan(math.radians(el))
K, tau, dt = 10.0, 0.03, 0.001

def run(Ki):
    t, w, I, m = -120.0, 0.0, 0.0, 0.0
    y = math.atan(v*t/d)
    while t < 120:
        e = math.atan(v*t/d) - y
        I += Ki*e*dt
        w += (K*e + I - w)*dt/tau
        y += w*dt
        m = max(m, abs(e))
        t += dt
    return math.degrees(m)

print(run(0.0), run(20.0))
```

முதல் எண் 0.49 பக்கமும் இரண்டாவது 0.014 பக்கமும் வர வேண்டும்.

இனி PI கேட்கும் விலை. டைப்-2 லூப்புக்கு ஸ்டெப் கொடுத்தால் அது இலக்கைத் தாண்டியே தீரும், டியூனிங்கால் அதை ஒழிக்க முடியாது. ஸ்டெப்புக்கான பிழையை நேரத்தின் மீது கூட்டினால் கிடைப்பது 1/Kv. டைப்-2-இல் Kv முடிவிலி, ஆகவே கூட்டுத்தொகை பூஜ்யம். தொடக்கத்தில் பிழை நேர்க்குறியில் இருந்தது என்றால், கூட்டுத்தொகை பூஜ்யமாக, பின்னால் எதிர்க்குறியிலும் இருந்தாக வேண்டும். அந்த எதிர்க்குறிப் பகுதிதான் ஓவர்ஷூட். நம் எண்களுக்கு, டிரைவின் தாமதத்தை ஒதுக்கிவிட்டால், அது 12 சதவீதம் அளவுக்கு வரும். கட்டளையைச் சட்டென்று தாவவிடாமல், வேகமும் முடுக்கமும் வரம்பிட்ட பாதையாகக் கொடுத்தால் இது பெரிய தொல்லையாக இருக்காது.

பெரிய தொல்லை வைண்ட்அப். ஒரு கோளை முடித்து அடுத்ததற்கு 90 டிகிரி திரும்ப வேண்டும், மோட்டாரின் உச்ச வேகம் வினாடிக்கு 10 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப 9 வினாடி ஆகும். அதற்குள் இன்டக்ரேட்டரில் சேரும் பிழை 45 × 9 = 405 டிகிரி-வினாடி, Ki-ஆல் பெருக்கினால் 8100 டிகிரி/வினாடி என்ற கட்டளை. மோட்டாரால் தர முடிந்ததோ 10. இலக்கு வந்த பிறகும் இன்டக்ரேட்டர் அந்தப் பொய்க் கட்டளையை விடாது. டிஷ் இலக்கைத் தாண்டி, உச்ச வேகத்திலேயே, லிமிட் சுவிட்சை நோக்கி ஓடும். இலக்கைக் கடக்கும்போது வேகம் கொஞ்சமும் குறையவில்லை என்றால் வைண்ட்அப் என்று உறுதியாகச் சொல்லலாம். பிழை ஒரு டிகிரிக்கு மேல் இருக்கும்போதும், வேகக் கட்டளை வரம்பைத் தொட்டிருக்கும்போதும் இன்டக்ரேட்டரை நிறுத்திவைக்க வேண்டும். டைப்-2 வேண்டும் என்று முடிவெடுத்தால் இதுவும் அதன் பகுதி, பிறகு சேர்க்கலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது.

புவிநிலை செயற்கைக்கோளை மட்டும் பார்க்கும் டிஷ்ஷுக்கு டைப்-2 சில சமயம் தீமையே செய்யும். நின்றிருக்கும் அச்சில் ஒட்டு உராய்வு இருந்தால், மிகச் சிறிய பிழையை இன்டக்ரேட்டர் மெல்லக் கூட்டிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் அச்சு விடுபட்டுத் துள்ளி மறுபக்கம் போய் நிற்கும், பிறகு அங்கிருந்து இதே கதை. இப்படிப் பல வினாடிகளுக்கு ஒருமுறை டிஷ் அங்கும் இங்கும் அசைவதை ஹண்டிங் என்பார்கள். அந்த வேலைக்கு டைப்-1-உம், ஒரு சிறு டெட்பேண்டும், மோட்டாரை நிறுத்திப் பிரேக் போடுவதும் போதும்.

P-யோடு வேக ஃபீட்ஃபார்வர்ட்

கோளின் பாதை முன்பே தெரியும், ஆகவே தேவையான வேகமும் தெரியும். அதைப் பிழை வழியாக வரவைப்பானேன்? P கன்ட்ரோலரின் வெளியீட்டோடு நேரடியாகக் கூட்டிவிட்டால், P திருத்த வேண்டியது மிச்சத்தை மட்டும்தான். ஃபீட்ஃபார்வர்டின் அளவுத்திருத்தம் 2 சதவீதம் தவறியிருந்தால்கூட அச்சுப் பிழை 4.94 × 0.02/10 = 0.01 டிகிரி, வானத்தில் 0.002. PI-க்குச் சமமாக நிற்கிறது. ஃபேஸ் மார்ஜினில் ஒரு டிகிரியும் குறையவில்லை, வைண்ட்அப்பும் இல்லை. பாதையை நம்பி ஓட்டும் புரோகிராம் டிராக்கிங்குக்கு இது அருமையான தேர்வு, பலர் இதை விட்டுவிட்டு இன்டக்ரேட்டரிடம் ஓடுவது தேவையற்றது.

ஆனால் லூப் இன்னும் டைப்-1தான். பிழை குறைந்தது இரண்டு எண்கள் ஒத்துப்போனதால். மோட்டார் டிரைவின் அளவு 5 சதவீதம் நகர்ந்தால் பிழையும் கூடவே நகரும். இன்டக்ரேட்டர் அப்படியல்ல. K மாறட்டும், τ மாறட்டும், லூப் நிலையாக இருக்கும்வரை ராம்ப் பிழை பூஜ்யமே.

கேஏ பேண்டில் இதைவிட ஆழமான சிக்கல் உள்ளது. ஃபீட்ஃபார்வர்ட் வர, பாதை சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பொதுவில் கிடைக்கும் டிஎல்இ பாதைத் தரவில் ஒரு கிலோமீட்டர் அளவு பிழை சாதாரணம், நாளாக ஆகக் கூடும். 508 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கிலோமீட்டர் என்பது 0.11 டிகிரி. எக்ஸ் பேண்டில் அரை டெசிபல் சொச்சம், கேஏ பேண்டில் கோள் கதிருக்கு வெளியே. கடிகாரம் 50 மில்லிவினாடி தவறினால் மட்டும் வானத்தில் 0.043 டிகிரி போய்விடும். இங்கே எந்த டைப்பும் உதவாது. டைப் உறுதி தருவது, கொடுத்த கட்டளைக்கும் அளந்த கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும். கட்டளையே தவறு என்றால் டிஷ் அந்தத் தவறான இடத்தை மிகத் துல்லியமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் குறுகிய கதிருக்கு மோனோபல்ஸ் ஆட்டோடிராக் வைக்கிறார்கள். சிக்னலிலிருந்தே குறி எவ்வளவு தவறியது என்று அளந்து, அதை நேரே லூப்பில் கொடுப்பது. இதில் கையில் இருப்பது பிழை மட்டும். இலக்கின் வேகம் தனியாகக் கிடைப்பதில்லை. வேகத்தை நினைவில் வைக்கும் வேலையை இன்டக்ரேட்டரிடம் விடுவதே இயல்பான வழி. கணித்த பாதையின் வேகத்தையும் கூடச் சேர்த்தால் PI-யின் சுமை குறையும், ஆனால் PI இல்லாமல் முடியாது.

ஆட்டோடிராக்கில் அந்த cos மறுபடியும் வருகிறது. மோனோபல்ஸ் தருவது வானத்துப் பிழை, மோட்டாருக்கு வேண்டியது அச்சுப் பிழை. 1/cos(எலிவேஷன்)-ஆல் பெருக்காமல் விட்டால், 80 டிகிரியில் லூப் கெயின் 10-லிருந்து 1.74-க்கு விழுந்துவிடும். டைப்-1-இல் வானத்துப் பிழை 0.49 டிகிரியாகிக் கோள் கைவிட்டுப் போகும். டைப்-2-இல் Ka 3.5-க்கு விழும், உச்ச முடுக்கத்தில் வானத்துப் பிழை 0.014 டிகிரி. வரம்பில் தொங்கிக்கொண்டாவது இருக்கிறது. திருத்தத்தைப் போட்டேயாக வேண்டும், ஆனால் இரண்டு லூப்புகளும் ஒரே தவறை எவ்வளவு வேறுவிதமாகத் தாங்குகின்றன என்பது இதில் பளிச்சென்று தெரியும்.

காற்றுக்கு வேறு கணக்கு

இதுவரை சொன்ன டைப் எல்லாம் கட்டளைக்கானது. காற்று தள்ளும்போது எண்ண வேண்டிய இன்டக்ரேட்டர்கள் வேறு. பிழையிலிருந்து புறப்பட்டு, காற்று உள்ளே நுழையும் இடத்துக்கு முன்பு எத்தனை இருக்கின்றன என்பதுதான் கணக்கு. காற்றின் முறுக்குவிசை மோட்டார் அச்சில் நுழைகிறது. வேகத்தைக் கோணமாக்கும் அந்த இயற்கையான இன்டக்ரேட்டர் அதற்குப் பின்னால் இருப்பதால் எந்த உதவியும் செய்யாது.

வேக லூப்பும் P, கோண லூப்பும் P என்று இருக்கும் டிஷ்ஷில், சீரான காற்று அச்சின் வேகத்தை வினாடிக்கு அரை டிகிரி இழுத்துவிட்டது என்றால், அதை ஈடுகட்டக் கோணத்தில் 0.05 டிகிரி பிழை நிற்கும். டிஷ் அசையாமல் நிற்கிறது, அட்டவணை ஸ்டெப்புக்குப் பூஜ்யம் என்கிறது, டிஸ்பிளேயில் 0.05. அட்டவணை தப்பில்லை, வேறு கேள்விக்கான பதிலை எடுத்துவந்திருக்கிறோம். வேக லூப்பில் PI போட்டால் காற்றை அங்கேயே மடக்கிவிடலாம். பெரும்பாலான டிரைவ்களில் இது ஏற்கெனவே உள்ளது.

அப்படிப் போட்டதும், "வேக லூப்பில் ஒன்று, மோட்டாரில் ஒன்று, ஆகவே கோண லூப் டைப்-2" என்று எண்ணிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. வேக லூப்பைச் சுற்றிப் பின்னூட்டம் மூடியாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது கேட்ட வேகத்தைக் கொடுக்கும் 1 என்ற கெயின் மட்டும்தான், s கீழே எங்கும் மிஞ்சவில்லை. கட்டளையைப் பொறுத்தவரை கோண லூப் டைப்-1 ஆகவே இருக்கும், ராம்ப் பிழை 4.94/10 அப்படியே நிற்கும்.

எதை எடுப்பது

புவிநிலைக் கோளுக்கு மட்டும் என்றால் P, வேக லூப்பில் PI. எக்ஸ் பேண்டில், நம்பகமான பாதைத் தரவும் ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய கடிகாரமும் உள்ள நிலையத்துக்கு P-யும் வேக ஃபீட்ஃபார்வர்டும் போதும், அதைத்தான் முதலில் முயல வேண்டும். கேஏ பேண்டும் ஆட்டோடிராக்கும் என்றால் டைப்-2, வைண்ட்அப் தடுப்போடு. டைப்-3-ஐ இந்த வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். முடுக்கப் பிழை ஏற்கெனவே 0.003 டிகிரி, அதைப் பூஜ்யமாக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாறாக, மூன்று இன்டக்ரேட்டர் உள்ள லூப் கெயின் கூடினால் மட்டுமல்ல, குறைந்தாலும் ஆடத் தொடங்கும். மோட்டார் வேக வரம்பைத் தொடுவது கெயின் குறைவதற்குச் சமம், டிஷ்ஷில் அது தினமும் நடப்பது.

தலைக்கு நேர் மேலே போகும் பாதை எந்தத் தேர்விலும் அடங்காது. உச்ச எலிவேஷன் 88 டிகிரி என்றால் அசிமத் வேகம் வினாடிக்கு 25 டிகிரி ஆகிறது. மோட்டாரால் 10தான் முடியும் என்றால் அங்கே லூப்பே இல்லை, டைப்பும் இல்லை. மூன்றாவது அச்சு வைப்பதோ, அசிமத்தை முன்கூட்டியே திருப்பிவிடுவதோதான் வழி.

ஏற்கெனவே ஓடும் டிஷ்ஷின் டைப் என்ன என்று தெரியாவிட்டால், ஃபீட்ஃபார்வர்டை அணைத்துவிட்டு ஒரு பாஸ்ஸின் அசிமத் பிழையையும் அசிமத் வேகத்தையும் ஒரே நேர அச்சில் வரையுங்கள். பிழை வேகத்தைப் போலவே ஒற்றைக் குன்றாக எழுந்து, கோள் மிக அருகே வரும் கணத்தையொட்டி உச்சம் தொட்டால் டைப்-1, உச்ச வேகத்தை உச்சப் பிழையால் வகுத்தால் Kv. பிழை முதலில் ஒரு பக்கம் எழுந்து, மிக அருகே வரும் கணத்துக்கு அரை வினாடி கழித்துப் பூஜ்யத்தைக் கடந்து, மறுபக்கம் இறங்கினால் டைப்-2. கோள் ஓடாத நேரத்திலும் ஒரே அளவு பிழை நின்று, காற்றின் திசை மாறும்போது குறியும் மாறினால், முதலில் திறந்து பார்க்க வேண்டியது வேக லூப்பில் I அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை.